மனச்சோர்வு மாத்திரை அட்டை: பெயரில் வகையைப் படிப்பதும், திடீரென நிறுத்தக்கூடாது என்பதன் காரணமும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டார மருந்துக்கடைகளில் மனச்சோர்வு மாத்திரை வாங்குகிறவர்களும் வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. மாத்திரையின் அளவை மாற்றுவது எப்போதும் மருத்துவரின் முடிவு. அவரிடம் சரியான கேள்வியோடு போக இந்தப் பக்கம் உதவும்.

அட்டையில் பெரிசா ஒரு பேர், பக்கத்துல பொடி எழுத்துல ஒரு பேர். எதைப் படிக்கணும்?

மருந்தின் பெயரை. கம்பெனி சூட்டிய பெயரில் மருந்தைப் பற்றி எதுவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே மருந்து பத்துக் கம்பெனியில் பத்துப் பெயரில் வரும். மருந்தின் பெயர் எல்லா அட்டையிலும் ஒன்றுதான். "எஸ்சிட்டாலோபிராம் டேப்லெட்ஸ் ஐபி 10 மி.கி." என்பது போல அது இருக்கும். ஐபி என்றால் இந்திய மருந்துத் தர நூலின்படி செய்தது என்று பொருள்.

அதன் கீழே உள்ள சேர்மான வரியையும் விடாமல் பாருங்கள். "ஒவ்வொரு மாத்திரையிலும் எஸ்சிட்டாலோபிராம் ஆக்சலேட், எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி.க்கு இணையாக" என்று அச்சிட்டிருப்பார்கள். ஆக்சலேட், ஹைட்ரோகுளோரைடு என்பவை மருந்தோடு சேர்ந்த உப்பின் பெயர்கள். அவற்றை வேறு மருந்து என்று நினைக்க வேண்டாம். அந்த வரியில் இரண்டு மருந்துகளின் பெயர் இருந்தால் மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

பெரிய அட்டையிலிருந்து நாலைந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, சில சமயம் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். பின்பக்க அலுமினியத் தாளில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். "பேரும் தேதியும் இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க" என்று கேளுங்கள். அப்படி முடியாதபோது பில்லில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்குங்கள்.

பெயரின் கடைசிப் பகுதியை வைத்து வகையைச் சொல்லலாம் என்கிறார்களே, எப்படி?

மருந்துகளுக்கு உலகம் முழுவதும் ஒரே பொதுப்பெயர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-ல் முடிவு செய்தது. முதல் பட்டியல் 1953-ல் வந்தது. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளின் பெயரில் ஒரு பொதுத் துண்டு வர வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அந்தத் துண்டு காதில் விழும்.

"ஆக்சிடின்" என்று முடிபவை: ஃபுளுவாக்சிடின், பராக்சிடின், டுலாக்சிடின். "டாலோபிராம்" என்று முடிபவை: சிட்டாலோபிராம், எஸ்சிட்டாலோபிராம். "ஃபாக்சின்" என்று முடிபவை: வென்லாஃபாக்சின், டெஸ்வென்லாஃபாக்சின். "ட்ரிப்டிலின்" என்று முடிபவை அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின். "பிரமின்" என்று முடிபவை இமிப்பிரமின், குளோமிப்பிரமின். கடைசி இரண்டு முடிவுகளும், வேதி அமைப்பில் மூன்று வளையங்கள் இருப்பதால் மூவளைய வகை எனப்படும் பழைய வகையைச் சேர்ந்தவை. செர்ட்ராலின் தனி ஆள். முடிவு வேறாக இருந்தாலும் வேலையில் அது ஃபுளுவாக்சிடின், எஸ்சிட்டாலோபிராம் கூட்டத்தில் சேரும். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

முடிவு ஒன்றாக இருந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா?

கூடாது. முடிவு ஒரு குறிப்பு மட்டுமே. டுலாக்சிடினும் ஃபுளுவாக்சிடினும் ஒரே மாதிரி முடிந்தாலும், ஃபுளுவாக்சிடின் முக்கியமாக, மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் வேலை செய்கிறது. டுலாக்சிடின் செரட்டோனின், அதே போன்ற இன்னொரு பொருளான நார்அட்ரினலின் இரண்டிலும் வேலை செய்கிறது. அதே முடிவுள்ள ஆட்டமாக்சிடின் மனச்சோர்வு மாத்திரையே அல்ல, கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுப்பது.

காதை ஏமாற்றும் முடிவுகளில் "பின்" முதலிடம். மிர்டாசபின் மனச்சோர்வுக்கு, ஓலான்சபின் மனச்சிதைவு போன்றவற்றுக்கு, கார்பமசிபின் வலிப்புக்கு, அம்லோடிபின் இரத்த அழுத்தத்துக்கு. "பிரசோல்" என்பதும் அப்படித்தான். பான்டோபிரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிப்பிப்பிரசோல் மனநோய்க்கு. இரண்டையும் ஒரே டப்பாவில் பிரித்துப் போட்டுவைத்தால் பெரியவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் மாத்திரையை அட்டையோடு வைத்திருங்கள்.

வகை தெரிந்ததும் நோயும் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சர்க்கரை நோயில் காலெரிச்சலுக்கு டுலாக்சிடின் கொடுப்பார்கள். ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுப்பார்கள். அப்பத்தாவின் அட்டையை இணையத்தில் தேடிவிட்டு "உங்களுக்கு மனநோய் மாத்திரை குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிடும் பேரப்பிள்ளையால், கால்வலிக்குக் குணம் தந்துகொண்டிருந்த மருந்து அன்றே நின்றுபோகிறது. இது அடிக்கடி நடக்கிறது.

எங்க அப்பத்தா அட்டையில பேருக்குப் பின்னாடி "பிளஸ்"னு இருக்கு. கூடுதல் சத்தா?

இல்லை. சேர்மான வரியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு தூக்க, பதற்ற மருந்து இருக்கும். நம் நாட்டில் மிகவும் புழக்கத்தில் உள்ள ஜோடி எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி., குளோனசிபாம் 0.5 மி.கி. "சிபாம்", "சோலாம்" என்று முடிபவை பென்சோடயசிபின் வகை: குளோனசிபாம், லோரசிபாம், அல்பிரசோலாம். அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசிபாக்சைடு சேர்ந்த மாத்திரையும் நெடுநாளாகக் கிடைக்கிறது. குளோர்டயசிபாக்சைடும் இதே வகைதான். ஆனால் பெயரின் முடிவு காட்டிக்கொடுக்காது.

முதல் சில வாரங்களுக்கு இந்த ஜோடிக்கு ஒரு நியாயம் உண்டு. எஸ்சிட்டாலோபிராம் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குளோனசிபாம் தாங்கிப் பிடிக்கும். பழைய சீட்டைக் காட்டி அதே அட்டையை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பென்சோடயசிபினுக்கு உடல் உண்மையாகவே பழகிவிடும். நீண்ட நாள் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரலாம். ஆக, "பிளஸ்" அட்டையைத் திடீரென நிறுத்துகிறவர் இரண்டு மருந்துகளை ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டில் ஆபத்து அதிகமானது, பெயரில் தெரியாத அந்த இரண்டாவது மருந்து.

எழுபது வயதில் இரவு எழுந்து வாசற்படி தாண்டும்போது தள்ளாடுவதற்கும் குளோனசிபாம் காரணமாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நல்லா ஆயிட்டேன். இன்னையோட நிறுத்தினா என்ன ஆகும்?

நரம்புச் செல்கள் தாம் வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதத்தைப் பயன்படுத்துகின்றன. இந்த மாத்திரைகள் அதை அடைக்கின்றன. வாரக்கணக்கில் அடைபட்டிருந்தால் மூளை அந்த நிலைக்கு ஏற்ப, செரட்டோனினை உணரும் தன் ஏற்பிகளைச் சரிசெய்துகொள்கிறது. மருந்து சட்டென்று விலகினால் அடைப்பு இரண்டு மூன்று நாளில் திறந்துவிடும். ஏற்பிகள் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில் வருபவைதான் நிறுத்தல் அறிகுறிகள்.

நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் அவை பெரும்பாலும் தொடங்கும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை, காய்ச்சல் வரப்போவது போன்ற உடல்வலி, அரைகுறைத் தூக்கம், துலக்கமான பயங்கரக் கனவுகள், காரணமில்லாத எரிச்சல், அழுகை. தலைக்குள் மின்சாரம் பாய்வது போல ஒரு நொடி வெட்டும் உணர்வை வைத்து இதைச் சுலபமாக அடையாளம் காணலாம். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது சிலருக்கு அது கூடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் "நடிக்கிறா" என்று வீட்டில் பேச்சு வந்துவிடுகிறது. அது உண்மையான உணர்வு.

எல்லோருக்கும் இது வருவதில்லை. 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாத்திரை நிறுத்தியவர்களில் சுமார் 31% பேர் அறிகுறி சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17% பேர் சொன்னார்கள். இரண்டையும் கழித்தால், மருந்தை நிறுத்தியதாலேயே வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவர் நீங்களா என்பது நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் எல்லோரையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

அப்ப இதுக்கு அடிமையாயிட்டேனா?

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றில் இல்லை. அடிமைத்தனத்தில் மருந்து மேல் வேட்கை இருக்கும், அளவு ஏறிக்கொண்டே போகும். இங்கே இரண்டும் கிடையாது. உடல் பழகியிருக்கிறது, அவ்வளவே. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும் இதே காரணத்தால்தான் சட்டென்று நிறுத்தக்கூடாது. குளோனசிபாம் வகைக்கு இந்தப் பதில் பொருந்தாது.

நான் நிறுத்தினப்ப ஒண்ணும் ஆகலை. எங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் தலைசுத்துது?

அட்டைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். உங்களுடையது ஃபுளுவாக்சிடினாக இருக்கலாம், அவருடையது வென்லாஃபாக்சினாகவோ பராக்சிடினாகவோ இருக்கலாம். இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். வென்லாஃபாக்சினுக்கு அது சுமார் 5 மணி நேரம், உடலில் அது மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். பராக்சிடினுக்கு ஏறத்தாழ ஒரு நாள். எஸ்சிட்டாலோபிராமுக்குச் சுமார் 30 மணி நேரம். ஃபுளுவாக்சிடினைத் தொடர்ந்து போட்டவருக்கு 4 முதல் 6 நாள், அதிலிருந்து உண்டாகும் பொருளுக்கு 4 முதல் 16 நாள். ஃபுளுவாக்சிடின் தானாகவே மெல்ல மெல்லக் குறைகிறது. வென்லாஃபாக்சின் இரண்டே நாளில் உடலை விட்டுப் போய்விடுகிறது.

பெயரின் முடிவு இதைச் சொல்லாது. ஃபுளுவாக்சிடினும் பராக்சிடினும் ஒரே முடிவு, ஒரே வகை. நிறுத்தும்போது ஒன்று மிகவும் சாது, மற்றது மிகவும் தொல்லை. "அதே குடும்பம்தானே" என்று அண்ணனின் அனுபவத்தைத் தம்பிக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிறுத்தினதும் பழையபடி வருது. நோய் திரும்பிருச்சா?

நாளையும் அறிகுறியையும் பாருங்கள். நிறுத்தல் அறிகுறி சில நாளில் வரும். முன்பு இல்லாத உடல் தொல்லைகள் சேர்ந்திருக்கும். மாத்திரையை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவது பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து, மெதுவாக வரும். விடியற்காலை விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, முன்பு இருந்த அதே எண்ணங்கள். மின்சார வெட்டு அதில் இராது. மீண்டும் தொடங்கினாலும் அடங்க வாரங்கள் ஆகும். ஒரு காகிதத்தில் நிறுத்திய தேதி, ஒவ்வோர் அறிகுறியும் தொடங்கிய தேதி என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் இரண்டையும் பிரித்தறிவது எளிது.

மெதுவாகக் குறைத்தாலும் நோய் திரும்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நெடுநாள் மாத்திரை போட்டு நலமாக இருந்தவர்களைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. குறைத்து நிறுத்தியவர்களில் 56% பேருக்கும், தொடர்ந்தவர்களில் 39% பேருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்துவதா வேண்டாமா என்பதைத் தனிக் கேள்வியாகவே மருத்துவரிடம் பேசுங்கள்.

குறைக்கிறதுன்னா எப்படிக் குறைப்பாங்க? ஒரு உதாரணம் சொல்லுங்க.

45 வயதுப் பெண் ஒருவர், எஸ்சிட்டாலோபிராம் 10, குளோனசிபாம் 0.5 சேர்ந்த அட்டையை ஓராண்டாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நலமாகி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. கீழே வருவது ஒரு மருத்துவர் எழுதக்கூடிய திட்டத்தின் உருவம். இதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

முதல் வேலை ஜோடியைப் பிரிப்பது. அளவில் மாற்றம் இல்லாமல் எஸ்சிட்டாலோபிராம் 10 தனி அட்டை, குளோனசிபாம் 0.5 தனி அட்டை என்று எழுதுவார். சேர்ந்த மாத்திரையை உடைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பாதியாகும். தொல்லை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு பெரும்பாலும் குளோனசிபாமை முதலில் இறக்குவார்கள்: 0.5-லிருந்து 0.25, அதிலிருந்து அதில் பாதி, பிறகு நிறுத்தம். ஒவ்வொரு படிக்கும் சில வாரங்கள். அதுவரை எஸ்சிட்டாலோபிராம் 10-லேயே துணையாக நிற்கும்.

அது முடிந்து உடல் நிலைத்த பின் 10-லிருந்து 5 மி.கி., சுமார் நான்கு வாரம். அதன்பின் 5 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 2.5 மி.கி., மறுபடியும் சில வாரம். அதிலிருந்து நிறுத்தம், தேவையானால் இன்னும் சிறிய படி. ஒரு படியில் தலைசுற்றல் தாங்க முடியாமல் போனால், கடைசியாக ஒத்துக்கொண்ட அளவுக்குத் திரும்பி, காத்திருந்து, அடுத்த முறை சின்னப் படியாக இறங்குவார்கள்.

"10-லிருந்து 5 வந்தாச்சு, பாதி கிணறு தாண்டியாச்சு, மீதியை விட்டுடலாம்" என்றுதான் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். மருந்தின் அளவும் அது அடைக்கும் புரதத்தின் அளவும் சேர்ந்தாற்போல் இறங்குவதில்லை. சிட்டாலோபிராமில் 20 மி.கி. சுமார் 80% அடைக்கிறது. அதில் கால்வாசியைவிடச் சற்றே கூடுதலான அளவே சுமார் 60% அடைக்கிறது. மேலே பாதிக்கு மேல் குறைத்தும் மூளைக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கடைசிச் சில மில்லிகிராமில்தான் மொத்தச் சரிவும் இருக்கிறது. அதனால்தான் கீழே வர வர படிகள் சிறியதாக வேண்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா அதுவே குறைக்கிற மாதிரிதானே?

கணக்கில் பாதி, இரத்தத்தில் அப்படி இல்லை. எஸ்சிட்டாலோபிராம் 48 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காக இறங்கி, மறுபடி ஏறும். வென்லாஃபாக்சின் ஏறக்குறைய காலியாகிவிடும். ஒரு நாள் நிறுத்தி மறுநாள் தொடங்குவது போன்ற அவதி அது. தினமும் ஒரே நேரத்தில் குறைந்த அளவு போடுவதே முறை. ஃபுளுவாக்சிடினில் மட்டும் நாள் விட்டுப் போடுவது ஓரளவு செல்லும்.

மாத்திரையை உடைக்கலாமா?

நடுவில் கோடு கிழித்த சாதாரண மாத்திரையை உடைக்கலாம். பெயருக்குப் பின் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருந்தால் மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரச் செய்தது. அதை உடைத்தாலோ நசுக்கினாலோ அந்த அமைப்பு கெட்டுவிடலாம். மருத்துவரோ கடைக்காரரோ சொல்லாமல் உடைக்காதீர்கள். டுலாக்சிடின் கேப்ஸ்யூலுக்குள் இருப்பவை வயிற்று அமிலத்திலிருந்து காக்கப் பூச்சு போட்ட குருணைகள். அவற்றை நசுக்கக் கூடாது, மெல்லக் கூடாது.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கப் போறோம். வழியில மாத்திரை விட்டுப்போனா?

அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுவிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒரு மாத்திரை மட்டும். விட்டதைச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. வென்லாஃபாக்சின், பராக்சிடின் போடுகிறவர்களுக்கு ஒருநாள் விட்டாலே தலை சுற்றலாம். வெயிலில் நடக்கும்போது அதை நீரிழப்பு என்று நினைத்துவிடுவார்கள். நடக்கும் நாட்களுக்கும் கூட நாலு நாளுக்கும் சேர்த்து, பையின் உள்ளறையில் ஒன்றும் கூட வருகிறவரிடம் ஒன்றுமாக இரண்டு இடத்தில் வையுங்கள். மருத்துவர் சீட்டின் படம் போனில் இருக்கட்டும். உங்கள் கம்பெனி அட்டை வழியூர்க் கடையில் கிடைக்காவிட்டாலும், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்கும் வேறு கம்பெனி அட்டையை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாங்கலாம். மக்கள் மருந்தகத்தில் கிடைப்பதும் அப்படித்தான்.

சித்த மருந்து எடுக்கப் போறேன். பத்தியத்துக்காக இதை விடச் சொல்றாங்க.

பத்தியத்தின் முதல் நாளே மாத்திரையை நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வரும் தலைசுற்றலையும் குமட்டலையும் புது மருந்து "வேலை செய்கிறது" என்று எடுத்துக்கொள்ள நேரும். அட்டையைச் சித்த மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் தரும் மருந்தை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். விடுவதாக முடிவானாலும் மேலே சொன்ன படிகளில்தான் விட வேண்டும்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

வலிப்பு, நினைவு தடுமாற்றம், இல்லாதது தெரிவது அல்லது கேட்பது, காய்ச்சலோடு உடல் விறைப்பும் நடுக்கமும், தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகமும் பேச்சும். இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழைத்துக்கொள்ளலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அது நிறுத்தியதாலா நோயாலா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளை எடுத்து அப்பால் வையுங்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 கட்டணமில்லாத எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். போகும்போது காலி அட்டையாக இருந்தாலும் கையில் எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், கூடவே குளோனசிபாம் இருந்ததா என்பதைப் பணியில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.